ஸ்டாப் சைன்ல நான், எதிர்ல கிவ் வே சைன்ல இன்னொருத்தர்: யாரு முதல்ல போகணும்?

எல்பிளேட்_கண்ணன்
வணக்கம் மக்களே, ஆஸ்திரேலியாவுல இருக்கறவங்க கிட்ட ஒரு டவுட். நான் இங்க லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ரெடி ஆகிட்டிருக்கேன். ப்ராக்டிஸ் பண்ற ரூட்ல ஒரு நாலு ரோடு சந்திப்பு இருக்கு. கிழக்கு மேற்கா போறது மெயின் ரோடு, அதுக்கு எந்த சைனும் இல்ல. நான் தெற்குல இருந்து வடக்க பாத்து வர்றேன், எனக்கு ஸ்டாப் சைன். எதிர் பக்கம் வடக்குல இருந்து வர்றவருக்கு கிவ் வே சைன் தான். நான் நேரா போகணும், அவரு ரைட் இண்டிகேட்டர் போட்டிருந்தாரு, அதாவது என் ரோட்டை குறுக்க வெட்டி மேற்கு பக்கம் திரும்பணும். நான் நின்னுட்டேன், அவரும் நின்னாரு, மெயின் ரோடு காலி ஆச்சு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நகர்ந்து ரெண்டு பேரும் பிரேக் அடிச்சோம். பக்கத்துல உக்காந்திருந்த என் மச்சான் சொல்றாரு "உனக்கு தான ஸ்டாப், அவனுக்கு வெறும் கிவ் வே, அப்ப அவன் தான் முதல்ல"ன்னு. இது சரியா? டெஸ்ட்ல இதே வந்தா நான் என்ன பண்ணணும்?

அப்புறம் இன்னொண்ணு, ஸ்டாப்ல 3 செகண்ட் நிக்கணும்னு சட்டமே இருக்கா?

ஆக்லாந்து_அருள்
உங்க மச்சான் சொன்னது தான் கரெக்ட் ப்ரோ. ஸ்டாப் சைன்ல நிக்கறவன் கிவ் வே சைன்ல இருக்கறவனுக்கு வழி விடணும். நான் நியூசிலாந்துல லைசென்ஸ் எடுத்தவன், அங்க டெஸ்ட் கேள்வியிலேயே இது வரும். ஸ்டாப் தான் கடைசி, அதுக்கு மேல கிவ் வே, அதுக்கு மேல சைன் இல்லாதவன். திரும்பறதா நேரா போறதாங்கறதெல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே சைன் இருந்தா தான் பாக்கணும். சிம்பிள்.

வாசுகி_ரோடு
அருள், நீங்க சொல்றது நியூசிலாந்துக்கு சரி. கேள்வி கேட்டவரு ஆஸ்திரேலியால ஓட்டறாரு. இங்க அந்த வரிசை கிடையாது.

நான் ரொம்ப நாள் டிரைவிங் சொல்லிக் குடுத்தவ, இந்த ஒரு விஷயத்துல தான் நியூசிலாந்துல இருந்து வர்றவங்களும் அமெரிக்கால இருந்து வர்றவங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க. ஆஸ்திரேலிய சாலை விதிகள்ல ஸ்டாப் சைனுக்கு 67வது விதி, கிவ் வே சைனுக்கு 69வது விதி. பல மாநிலத்துலயும் இதே நம்பர் தான் வச்சிருக்காங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சு பாருங்க கண்ணன். யாருக்கு வழி விடணும்ங்கற பகுதி ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணே தான். சந்திப்புக்குள்ள இருக்கற, நுழையற, நெருங்கி வர்ற வண்டிக்கு வழி விடு. அதுல விலக்கு யாருக்குன்னா, எதிர்ல இருந்து ரைட் திரும்பற வண்டி, அந்த வண்டிக்கும் ஒரு ஸ்டாப் சைனோ கிவ் வே சைனோ இருந்தா, நீ அதுக்கு வழி விட வேண்டாம். ஸ்டாப் சைனோ கிவ் வே சைனோன்னு ஒரே மூச்சுல தான் எழுதியிருக்காங்க, எதுக்கு மேல எதுன்னு பிரிக்கல.

அதனால உங்க கேஸ்ல நீங்க நேரா போறீங்க, அவரு ரைட் திரும்பறாரு, அவருக்கு கிவ் வே இருக்கு. நீங்க ஸ்டாப்ல முழுசா நின்ன பிறகு நீங்க தான் முதல்ல. அவரு உங்களுக்கு வழி விடணும்.

ஸ்டாப்னா உங்க கிட்ட கூடுதலா கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான், சக்கரம் நிக்கணும். நின்னதுக்காக உங்க முறை குறையாது.

எல்பிளேட்_கண்ணன்
அக்கா சூப்பர், மச்சானுக்கு ஸ்க்ரீன்ஷாட் போட்டாச்சு 😄 ஆனா ஒரு சந்தேகம், நான் நேரா போகாம லெஃப்ட் திரும்பினா? இல்ல நானும் ரைட் திரும்பினா?

வாசுகி_ரோடு
லெஃப்ட் திரும்பினா நீங்களும் மேற்கு ரோட்டுக்கு போறீங்க, அவரும் ரைட் திரும்பி அதே மேற்கு ரோட்டுக்கு வர்றாரு. அப்பவும் நீங்க தான் முதல்ல, அவரு காத்திருக்கணும். நீங்க ஸ்லிப் லேன் வழியா லெஃப்ட் போறீங்கன்னா மட்டும் கதை வேற, அப்ப நீங்க தான் அவருக்கு விடணும்.

ரெண்டு பேரும் ரைட்னா பிரச்சினையே இல்ல, நீங்க கிழக்க போறீங்க அவரு மேற்க போறாரு, ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் கடந்து போயிடலாம், இடம் இருந்தா ஒரே நேரத்துல திரும்பலாம். ரெண்டு பேரும் நேரான்னாலும் மோத வாய்ப்பில்ல.

இப்ப உல்டா பண்ணி பாருங்க. நீங்க ஸ்டாப்ல ரைட் திரும்பணும், அவரு கிவ் வேல நேரா வர்றாரு. இப்ப நீங்க விடணும். ஆனா காரணம் உங்களுக்கு ஸ்டாப் இருக்கறது இல்ல, நீங்க ரைட் திரும்பறது. ரெண்டு சைனையும் மாத்தி நட்டாலும் பதில் மாறாது. இத ஒரு தடவை பேப்பர்ல வரைஞ்சு பாத்தா மண்டையில நிக்கும்.

ஆக்லாந்து_அருள்
ஓகே ரூல் புக் உங்க பக்கம் இருக்கலாம், ஆனா லாஜிக் என்ன சொல்லுது? ஒரு எடத்துல ஸ்டாப் சைன் வைக்கறாங்கன்னா அந்த ரோடு அவ்வளவு முக்கியம் இல்லன்னு தான அர்த்தம், கிவ் வே வச்சா அத விட கொஞ்சம் முக்கியம். நியூசிலாந்து சிஸ்டம்ல எவனும் குழம்ப மாட்டான். அதோட அங்க 2012 மார்ச்ல லெஃப்ட் ரைட் ரூலையும் மாத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி லெஃப்ட் திரும்பறவன் எதிர்ல ரைட் திரும்பறவனுக்கு விடணும்னு இருந்துச்சு. அப்பவே மாத்துனவங்க ஸ்டாப் கிவ் வே வரிசைய மாத்தல, ஏன்னா அது வேலை செய்யுது.

மெக்கானிக்_ராசன்
அருள் நீங்கள் லொஜிக் எண்டு சொல்லுறது பிழை. ஸ்டொப் சைன் போடுறது ரோட்டின்ர முக்கியத்துவத்த பாத்து இல்ல, அந்த மூலையில எவ்வளவு தூரம் தெரியுது எண்டதை பாத்துத்தான். கிவ் வே போட்ட இடத்தில நீங்கள் மெதுவா வரேக்கையே மெயின் ரோட்டின்ர ரெண்டு பக்கமும் தெரியும், அப்ப ஓடிக்கொண்டே முடிவெடுக்கலாம். வேலியோ வளைவோ மேடோ மறைச்சிருந்தா, ஓடிக்கொண்டு வாற நேரத்தில பாத்து முடிக்க ஏலாது, அங்க தான் ஸ்டொப். கண்ணன் சொன்ன சந்தியில தெற்கு மூலையில என்ன மறைக்குது எண்டு ஒருக்கா பாருங்கோ, கட்டாயம் ஏதோ இருக்கும், இல்லாட்டி அங்க முந்தி கன விபத்து நடந்திருக்கும். அதாலதான் ஒரே சந்தியில ஒரு பக்கம் ஸ்டொப், மற்ற பக்கம் கிவ் வே. ரெண்டு ரோட்டுக்கும் மதிப்பு ஒண்டுதான்.

எல்பிளேட்_கண்ணன்
ஆமாண்ணா, என் பக்கம் வலது மூலையில ஒரு உயரமான சுவர் இருக்கு! லைன் கிட்ட போற வரைக்கும் வலது பக்கம் வர்ற வண்டி தெரியவே தெரியாது. எதிர் பக்கம் வெட்டவெளி. இப்ப தான் புரியுது ஏன் எனக்கு மட்டும் ஸ்டாப்னு.

சுதா_சிட்னி
எனக்கும் இதே கொழப்பம் தான், ரவுண்டபவுட்ல கிவ் வே போட்டிருக்கு, நான் நின்னா பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கறான், நிக்கணுமா வேண்டாமா? யாராவது சொல்லுங்க.

வாசுகி_ரோடு
சுதா, ரவுண்டபவுட் வேற கணக்கு. உள்ள சுத்திக்கிட்டிருக்கற வண்டிக்கு வழி விட்டா போதும், உள்ள யாரும் இல்லன்னா நிக்க வேண்டியதே இல்ல, வேகத்த குறைச்சு உள்ள போயிடலாம். ஹாரன் அடிக்கறவருக்கு அதான் கடுப்பு. இதுக்கு தனியா ஒரு இழை போடுங்க, இங்க ரெண்டையும் கலந்தா கண்ணனுக்கு தலை சுத்தும்.

கண்ணன், உங்க 3 செகண்ட் கேள்விக்கு வர்றேன். சட்டத்துல செகண்ட் கணக்கு எதுவும் இல்ல. நிக்கணும், அவ்வளவு தான். ஆனா எங்கள மாதிரி ஆளுங்க 3 செகண்ட்னு சொல்லிக் குடுக்கறதுக்கு காரணம் இருக்கு. ஆட்டோமேட்டிக் கார்ல பிரேக்க லேசா விட்டாலே தானா ஊர்ந்து போகும், நீங்க நின்னதா நெனச்சிட்டிருப்பீங்க வண்டி மெதுவா போயிட்டே இருக்கும். ஸ்பீடோமீட்டர நம்பாதீங்க, ரொம்ப குறைஞ்ச வேகத்துல முள்ளு பூஜ்யத்துல தான் படுத்திருக்கும். சைடுல ஏதாவது ஒரு கம்பத்தையோ கர்ப் கல்லையோ பாருங்க, அது ஜன்னல்ல நகராம நின்னா வண்டி நின்னுருச்சு. இன்னொரு அடையாளம், வண்டி நிக்கற நேரத்துல மூக்கு கீழ இறங்கி அப்புறம் லேசா பின்னாடி வந்து உக்காரும், உங்க முதுகு சீட்ல சாயும். எக்ஸாமினர் பாக்கறது அத தான். அந்த சின்ன பின்வாங்கல் வரலன்னா நீங்க உருண்டு போயிட்டீங்கன்னு அவரு எழுதிக்குவாரு, ஸ்டாப் சைன்ல நிக்காம போனா டெஸ்ட் அங்கயே முடிஞ்சுது.

சைக்கிள்_சரவணன்
சைக்கிளுக்கும் இதே ரூலா? நான் ட்ராக் ஸ்டாண்ட் பண்ணி பேலன்ஸ்ல நிப்பேன், கால் தரையில படல, அதுக்கு ஒருத்தர் கார் ஜன்னலை இறக்கி கத்துனாரு "காலை ஊணு"ன்னு. கால் வைக்கணும்னு சட்டத்துல எங்க இருக்கு?

மெக்கானிக்_ராசன்
சைக்கிளும் வாகனம் தான், நிக்கத்தான் வேணும். கால் தரையில முட்டோணும் எண்டு எங்கயும் எழுதேல்ல. சில்லு சுத்தாம நிண்டா சரி. ஆனா ட்ராக் ஸ்டாண்ட் பண்ணேக்க சில்லு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும், பொலிஸ்காரர் பாத்தா அவருக்கு அது நிண்டதா தெரியுமோ தெரியாதோ அது உங்கட அதிர்ஷ்டம்.

சைக்கிள்_சரவணன்
😂 அதிர்ஷ்டத்த நம்பி தான் சிட்டில சைக்கிளே ஓட்டறோம் அண்ணே.

தினேஷ்_டெக்
நான் உண்மைய சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ராத்திரி ஆளே இல்லாத ஸ்டாப் சைன்ல, ரெண்டு பக்கமும் ரோடு தெரியுது, அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல உருண்டு பாத்துட்டு போனா என்ன ஆகப்போகுது? கிவ் வேல அதே தான பண்றோம், அங்க சேஃப்னா இங்க மட்டும் எப்படி ஆபத்து? காசு வசூல் பண்றதுக்கு வச்ச போர்டுன்னு தான் எனக்கு தோணுது. நியூ சவுத் வேல்ஸ்ல 3 புள்ளி வேற போயிடும்.

வாசுகி_ரோடு
தினேஷ், புள்ளிய விடுங்க, கணக்கா பாப்போம். கண்ணனோட மெயின் ரோட்டுல 60ல வர்ற வண்டின்னு வைங்க, ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். நின்ன இடத்துல இருந்து கிளம்பி ரெண்டு லேன் ரோட்ட முழுசா கடக்க சாதாரண டிரைவருக்கு 5, 6 செகண்ட் ஆகும். அதுக்குள்ள அவன் 100 மீட்டர் வந்துருவான். அப்ப நீங்க வலது பக்கம் 100 மீட்டருக்கு மேல பாத்து யாரும் இல்லன்னு தெரிஞ்சாகணும். அப்புறம் இடது பக்கமும் அதே தூரம். அப்புறம் திரும்ப ஒரு தடவை வலது பக்கம், ஏன்னா இடது பக்கம் பாத்த நேரத்துல அங்க புதுசா ஒருத்தன் வந்திருப்பான், நாம இடது பக்கமா ஓட்டறதால நமக்கு கிட்ட இருக்கற லேன்ல வர்றவன் வலது பக்கத்துல இருந்து தான் வருவான். இந்த மூணு பார்வைக்கு எவ்வளவு நேரம் வேணும்? குறைஞ்சது ரெண்டு மூணு செகண்ட். அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல உருண்டா செகண்டுக்கு 1.4 மீட்டர், மூணு செகண்ட்ல 4 மீட்டருக்கு மேல முன்னாடி போயிருப்பீங்க. சுவர் மறைக்கற மூலையில லைனுக்கு கிட்ட வந்தா தான் தெரியவே ஆரம்பிக்கும். அப்ப நீங்க பாத்து முடிக்கும்போது உங்க பானட் மெயின் ரோட்டு லேன் நடுவுல இருக்கும். கிவ் வே இருக்கற மூலையில தூரத்துல இருந்தே தெரியும், அதனால லைன் வர்றதுக்கு முன்னாடியே பாத்து முடிச்சிருப்பீங்க. அதான் வித்தியாசம்.

மெக்கானிக்_ராசன்
அதோட ஒரு விசயம், கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற தூண். வலப்பக்கத் தூண் எங்களுக்கு கிட்ட இருக்கிறபடியா கூட இடத்தை மறைக்கும். நீங்கள் உருண்டு கொண்டு போகேக்க, மெயின் ரோட்டில வாற மோட்டார் சைக்கிளும் அதே விகிதத்தில கிட்ட வந்தா, அது தூணுக்குப் பின்னாலயே ஒளிஞ்சு கொண்டு வரும். நீங்கள் மூண்டு தரம் பாத்தாலும் மூண்டு தரமும் தூண்தான் தெரியும். இது கற்பனை இல்ல, ரெண்டு பேரும் மோதுற வழியில சீரான வேகத்தில போனா ஒருத்தருக்கு மற்றவர் எப்பவும் ஒரே கோணத்திலதான் தெரிவார். நீங்கள் நிண்டுட்டா அந்த கோணம் உடைஞ்சு போகும், அவர் தூணுக்கு வெளியால வந்திடுவார். தலையையும் ஒருக்கா முன்னுக்கு சாச்சு பாருங்கோ.

தினேஷ்_டெக்
தூண் மேட்டர் நான் யோசிச்சதில்ல, அது பாயிண்ட் தான். ஆனா எல்லா ஸ்டாப் சைனும் அப்படி மறைஞ்ச மூலையில இல்லயே, எங்க ஏரியால ஒண்ணு இருக்கு, ஃபுட்பால் கிரவுண்ட் மாதிரி வெட்டவெளி, அங்க ஏன் ஸ்டாப்னு யாரும் எனக்கு சொல்லல.

வாசுகி_ரோடு
அப்படி சில இடம் இருக்கு தான், மறைச்ச மரத்த வெட்டியிருப்பாங்க, போர்டு மட்டும் மிச்சம் இருக்கும். கவுன்சிலுக்கு எழுதி கேக்கலாம், மாத்துவாங்களான்னு எனக்கு தெரியாது. மாத்தற வரைக்கும் நிக்கணும்.

எல்பிளேட்_கண்ணன்
அக்கா இன்னொரு கேள்வி, சாரி. எங்க நிக்கணும்? லைன் கிட்ட நின்னா எனக்கு சுவர் மறைக்குது. அதனால என் மச்சான் லைனத் தாண்டி கொஞ்சம் முன்னாடி போய் நிக்க சொல்றாரு, "தெரியற எடத்துல நின்னா தான நின்ன அர்த்தம்"ங்கறாரு.

வாசுகி_ரோடு
உங்க மச்சான் டெஸ்ட் அன்னைக்கு வராம இருந்தா நல்லது 😄

முதல் நிறுத்தம் லைனுக்கு முன்னாடி, முடிஞ்ச வரைக்கும் கிட்ட. லைன் இல்லன்னா சந்திப்புக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி. முன் சக்கரம் லைன்ல நின்னா பம்பர் ஏற்கனவே தாண்டிடுச்சு, அது கணக்குல வராது. ஓட்டற சீட்ல இருந்து பாத்தா லைன் பானட்டுக்கு அடியில மறையற நேரத்துல நிறுத்துங்க, உங்க கார்ல அது எந்த எடம்னு ஒரு தடவை இறங்கி பாத்து வச்சுக்கோங்க. அங்க முழுசா நின்னாச்சு, சட்டம் முடிஞ்சுது. அப்புறம் தெரியலன்னா நத்தை மாதிரி ஊர்ந்து தெரியற எடத்துக்கு வாங்க, பாருங்க, தேவைன்னா திரும்ப நில்லுங்க. ரெண்டாவது தடவை நிக்கணும்னு விதி இல்ல, ஆனா உங்க மூலைக்கு நான் நிக்க தான் சொல்வேன்.

இன்னொண்ணு நெறய பேர் தவற விடறது: முன்னாடி ஒரு கார் ஸ்டாப்ல நிக்குது, நீங்க அதுக்கு பின்னாடி நின்னீங்க. அது போனதும் "நான் தான் நின்னுட்டேனே"ன்னு நீங்களும் அது பின்னாடியே போகக் கூடாது. லைன் கிட்ட வந்து நீங்க தனியா நிக்கணும். வரிசையில எத்தன கார் இருந்தாலும் ஒவ்வொண்ணும்.

ப்ரியா_பெர்த்
இவ்வளவு நேரம் படிச்சுட்டு எனக்கு ஒரு அடிப்படை டவுட். கண்ணன் ஸ்டாப்ல நிக்கறாரு, எதிர்ல இருக்கறவருக்கு கிவ் வேயா ஸ்டாப்பா இல்ல ஒண்ணுமே இல்லயான்னு இவருக்கு எப்படி தெரியும்? போர்டு அவரு பக்கம் பாத்து தான இருக்கும், நமக்கு பின் பக்கம் தான தெரியும்?

மெக்கானிக்_ராசன்
பின்பக்கம் பாத்தாலே தெரியும் தங்கச்சி. எட்டு மூலை எண்டா ஸ்டொப், தலைகீழ் முக்கோணம் எண்டா கிவ் வே. வேற எந்த போர்டும் அந்த வடிவத்தில இல்ல, பின்னால இருந்தும், எழுத்து அழிஞ்சு போனாலும் தெரியோணும் எண்டுதான் அப்பிடி வச்சிருக்கு. ரோட்டில கோடும் இருக்கு, ஸ்டொப்புக்கு முழுக் கோடு, கிவ் வேக்கு விட்டு விட்டு போட்ட கோடு.

ப்ரியா_பெர்த்
அட ஆமால்ல, இத்தன வருஷம் ஓட்டறேன் பின் பக்கத்த ஒரு நாளும் பாத்ததில்ல.

ஆக்லாந்து_அருள்
சரி, ஒரு நிஜமான சிச்சுவேஷன் கேக்கறேன் வாசுகி அக்கா, ரூல் புக்க மூடி வைங்க. கண்ணன் ஸ்டாப்புக்கு 30 மீட்டர் தள்ளி வந்துட்டிருக்காரு, பிரேக் போட ஆரம்பிச்சுட்டாரு. எதிர்ல கிவ் வேல ரைட் திரும்பறவன் லைன்ல இருக்கான், மெயின் ரோடு காலி. நீங்க சொல்றபடி கண்ணன் தான் முதல்ல, ஏன்னா நேரா போறாரு. அப்ப கிவ் வேல இருக்கறவன் கண்ணன் வந்து, நின்னு, மூணு செகண்ட் எண்ணி, போற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணுமா? அவனுக்கு நிக்க வேண்டிய கட்டாயமே இல்லயே. இங்க தான் உங்க ஊர் ரூல் இடிக்குது.

வாசுகி_ரோடு
நல்ல கேள்வி, இது தான் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி.

வழி விடறதுன்னா என்னன்னு விதிப் புத்தகத்துலேயே விளக்கம் இருக்கு. நின்னுட்டிருக்கற டிரைவர்னா, பாதுகாப்பா போக முடியற வரைக்கும் நின்ன இடத்துலேயே இருக்கணும். ஓடிட்டிருக்கறவர்னா, மோதாம இருக்கறதுக்கு வேகத்த குறைக்கணும், தேவைப்பட்டா நிக்கணும். ரெண்டுலயும் அளவுகோல் மோதலும் பாதுகாப்பும் தான். மத்தவரு மரியாதையா கடந்து போற வரைக்கும் காத்திருக்கணும்னு எங்கயும் சொல்லல.

அப்ப உங்க சிச்சுவேஷன்ல கண்ணன் 30 மீட்டர் தள்ளி இருக்காரு, பிரேக் போட்டாரு, கண்டிப்பா நிக்க போறாரு. ரைட் திரும்பறவன் இப்ப கிளம்பினா கண்ணன் லைனுக்கு வந்து நிக்கறதுக்குள்ள திரும்பி முடிச்சுடுவான். கண்ணனுக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல. தாராளமா போகலாம். நான் எக்ஸாமினரா இருந்தா அதுக்கு குறிக்க மாட்டேன்.

அதுவே கண்ணன் லைன்ல நின்னு, வலது இடது வலது பாத்து, கிளம்ப தயாரா இருக்காரு, மெயின் ரோட்டுல ஒரு இடைவெளி கிடைச்சுது, ஒருத்தர் மட்டும் போக முடியும். இப்ப கிவ் வேகாரன் புகுந்தா கண்ணன் பிரேக் அடிக்கணும். இங்க கண்ணன் தான் முதல்ல. அவரு கேட்டதும் இந்த நேரம் தான், ரெண்டு பேரும் நின்னாங்க, ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பினாங்க.

சிக்கல் நடுவுல இருக்கற ஒண்ணு ரெண்டு செகண்ட்ல தான். கண்ணன் வந்து இப்ப தான் நின்னாரு, இன்னும் பாத்துட்டிருக்காரு, அந்த நேரத்துல எதிர்க்காரன் கிளம்பறான். அது சரியா தப்பான்னா கண்ணன் எவ்வளவு சீக்கிரம் கிளம்பியிருப்பாருங்கறத பொறுத்தது. என் கிட்ட படிச்சவங்களுக்கு நான் சொன்னது, எதிர்ல இருக்கறவன் முன் சக்கரம் சுத்த ஆரம்பிச்சா விட்டுடுங்க, உங்க முறைன்னு காட்டறதுக்காக மூக்கை நீட்டாதீங்க. விதி உங்க பக்கம் இருந்தாலும் மோதல தவிர்க்கற பொறுப்பு உங்களுக்கும் இருக்கு.

ஆக்லாந்து_அருள்
ம்ம். அப்ப நடைமுறையில பாதி நேரம் கிவ் வேகாரன் தான் முதல்ல போறான், நான் சொன்ன மாதிரியே 😉

வாசுகி_ரோடு
முதல்ல போறான்னா, அவன் நிக்க வேண்டாம்ங்கறதால சீக்கிரம் போறான். அது வேற, அவனுக்கு உரிமை இருக்குன்னு சொல்றது வேற. இடிச்சா இன்சூரன்ஸ்காரங்க ரெண்டாவத தான் கேப்பாங்க.

கீதா_அம்மா
எனக்கு ஒருத்தர் கைய காமிச்சு போ போன்னு சொன்னாரு, மெயின் ரோட்டுல வந்தவரு, நின்னு வழி விட்டாரு. நான் ஸ்டாப்ல இருந்து கிளம்பினேன், அவரு பக்கத்து லேன்ல இருந்து இன்னொருத்தன் வேகமா வந்துட்டான், நூலிழையில தப்பிச்சேன். நல்லது பண்றேன்னு நெனச்சு தான் கைய காமிச்சிருப்பாரு, ஆனா அவரால அவரு லேனுக்கு மட்டும் தான் உத்தரவாதம் குடுக்க முடியும். இப்பல்லாம் யாரு கைய காட்டினாலும் நான் பாத்துட்டு தான் போவேன். பிள்ளைங்களா, பாத்து போங்க.

சைக்கிள்_சரவணன்
அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. சைக்கிள்ல இருக்கறவனுக்கு இந்த கை காட்டறவங்க தான் பெரிய தலைவலி.

எல்பிளேட்_கண்ணன்
அம்மா நல்ல வேளை ஒண்ணும் ஆகல. அக்கா, நடந்து போறவங்க? நான் ஸ்டாப்ல இருந்து லெஃப்ட் திரும்பறேன், அந்த மேற்கு ரோட்ட ஒருத்தர் கடந்துட்டிருக்காரு, ஸீப்ரா கிராஸிங் எதுவும் இல்ல.

வாசுகி_ரோடு
அவருக்கு விடணும். ஸ்டாப்போ கிவ் வேயோ, நீங்க எந்த ரோட்டுக்குள்ள திரும்பறீங்களோ அந்த ரோட்ட கடக்கறவருக்கு விட்டாகணும், ஸீப்ரா தேவையில்ல. வண்டியையே பாத்துட்டு ஆள பாக்காம திரும்பறது தான் டெஸ்ட்ல நெறய பேர் ஃபெயில் ஆகற எடம், குறிப்பா லெஃப்ட் திரும்பும்போது, எல்லாரும் வலது பக்கமே பாத்துட்டு கிளம்புவாங்க.

தினேஷ்_டெக்
நாலு பக்கமும் ஸ்டாப் இருந்தா? அமெரிக்கால நான் ஓட்டியிருக்கேன், அங்க முதல்ல வந்து நின்னவன் முதல்ல போவான், ஒரே நேரம்னா வலது பக்கம் இருக்கறவன். இங்க அதே தான?

மெக்கானிக்_ராசன்
இங்க முதல் வந்தவர் முதல் எண்டு ஒரு விதியும் இல்ல. எழுத்தில இருக்கிறபடி பாத்தா நாலு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொண்டே இருக்கோணும், விடியும் வரைக்கும். நடைமுறையில முதல் நிண்டவர் போறார், ஆனா அது பழக்கம்.

வாசுகி_ரோடு
ராசன், எதிர் எதிரா இருக்கறவங்களுக்கு நான் மேல சொன்ன விலக்கு அப்படியே பொருந்தும், அங்க குழப்பம் இல்ல. பக்கவாட்டுல இருக்கற ரெண்டு பேர் தான் பிரச்சினை. வலது கை பக்கம் இருக்கறவருக்கு விடணும்னு சிலர் வாதாடுவாங்க, அந்த விதி சைன் இல்லாத சந்திப்புக்கு எழுதினதுன்னு நான் சொல்வேன்.

மெக்கானிக்_ராசன்
நானும் வலப்பக்கம் எண்டுதான் சொல்லுவன் அக்கா. எழுதேல்லையெண்டா கிட்ட இருக்கிற விதியத்தானே எடுக்கோணும்?

வாசுகி_ரோடு
அத ஒத்துக்க மாட்டேன், ஆனா அங்க வந்தா உங்களுக்கு வழி விட்டுடறேன் 😄

எல்பிளேட்_கண்ணன்
நாளைக்கு காலைல அந்த சந்திப்புக்கு மச்சானோட போறேன், லைன் பானட்டுக்கு அடியில எங்க மறையுதுன்னு இறங்கி பாக்கணும். எதிர் பக்க போர்டோட பின் பக்கத்தையும். அக்கா, மழைல லைன் சரியா தெரியலன்னா என்ன பண்றது?

வாசுகி_ரோடு
போர்டு இருந்தா ஸ்டாப் தான், லைன் அழிஞ்சிருந்தாலும் சரி. லைன் கண்ணுக்கே தெரியலன்னா சந்திப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, குறுக்கு ரோட்டோட கர்ப் கோட்ட நேரா நீட்டினா எங்க வருமோ அதத் தாண்டாம நில்லுங்க.